தரை தெரிகிறதா?

பிரேசிலின் தெற்கே, பரானா மாநிலத்தின் தலைநகர் குரிட்டிபா. அங்குள்ள பரானா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் கட்டடத்தில் நான்காம் மாடியிலிருந்தும் ஐந்தாம் மாடியிலிருந்தும் ஒரே கார் நிறுத்தத்தைப் பார்த்தபடி கேமரா வைக்கப்பட்டது. அதே ஊரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பத்தாம் மாடியிலிருந்து இன்னொரு நிறுத்தத்தைப் படம்பிடித்தார்கள். 2012, 2013 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட இந்தப் படங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்தன. வெயில், மேகமூட்டம், மழை என எந்த வானிலையையும் விட்டுவைக்கவில்லை. மொத்தம் 12,417 படங்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தக் கட்டத்தையும் தனித்தனியாக வெட்டி எடுத்தபோது 6,95,899 சிறு படங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் ‘காலி’ அல்லது ‘வண்டி நிற்கிறது’ என்று குறி போடப்பட்டது. கார் நிறுத்தத்தைக் கேமராவால் படிக்க முயல்கிற எவரும் இன்றும் முதலில் தேடிப் போகிற இந்தத் தொகுப்பின் பெயர் ‘பிகேலாட்’. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2015-இல் வெளிவந்தது.

ஏழு லட்சத்தை நெருங்கும் இந்தப் படங்களுக்குள் இருக்கும் கேள்வி எளிமையானது. கார் எங்கே இருக்கிறது என்று இங்கே யாரும் தேடுவதில்லை. இந்தக் குறிப்பிட்ட துண்டுத் தரை கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது ஏதோ ஒன்று அதை மறைத்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கேமரா அசையாது, கோடுகளும் நகராது. ஆகையால் எங்கே பார்க்க வேண்டும் என்பதை மனிதர் ஒரே ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். திரையில் படத்தை விரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளையும் சுட்டிக்காட்டிச் சேமித்துவிடலாம். நூறு கட்டங்கள் இருந்தாலும் அது ஓரிரு மணி நேர வேலைதான்.

புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு முதலில் தோன்றும் வழி வேறு. அதிகாலையில் ஆளில்லாத நிறுத்தத்தின் படத்தை வைத்துக்கொண்டு, இப்போதைய படத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதெல்லாம் கார்தானே? கழிக்கலாம். ஆனால் காலை ஆறு மணி வெளிச்சம் வேறு, நண்பகல் வெளிச்சம் வேறு. தரையின் நிறமே மாறிவிடுவதால் காலிக் கட்டமும் ‘மாறியது’ என்றே தெரியும். சரி, பின்னணிப் படத்தையும் நேரத்துக்குத் தகுந்தபடி புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்றால் இன்னொரு சிக்கல் வருகிறது.

காணொளியில் பின்னணியைப் பிரிப்பதற்குப் பலரும் பயன்படுத்தும் ‘ஓப்பன்சிவி’ நிரல் தொகுப்பில் `BackgroundSubtractorMOG2` என்றொரு கருவி உண்டு. தானாக வரும் அமைப்பில் அது கடைசி 500 சட்டங்களை நினைவில் வைத்துக்கொண்டு, எது நிலையானது, எது வந்துபோவது என்று முடிவு செய்கிறது. நொடிக்கு 25 சட்டங்கள் என்றால் 500 சட்டங்கள் என்பது 20 நொடி. சாலையில் ஓடும் வண்டிகளை எண்ண இது போதும். கார் நிறுத்தத்திலோ ஒரு கார் வந்து நின்று, ஓட்டுநர் இறங்கிக் கதவைப் பூட்டுவதற்குள், அந்தக் காரும் பின்னணியின் பகுதியாகிவிடும். கட்டம் ‘காலி’ என்று அறிவிக்கப்படும். மாலையில் கார் கிளம்பியதும், வெளிப்பட்ட தரையைக் கருவி புதிதாக வந்த பொருளாக எடுத்துக்கொள்ளும். அதாவது கார் இருக்கும்போது காலி, போனபின் நிறைவு. அசைவை வைத்துத் தேடும் கருவி, அசையாமல் நிற்பதையே வேலையாகக் கொண்ட பொருளிடம் இப்படித்தான் தோற்கும். நினைவின் நீளத்தைப் பல மணி நேரமாக உயர்த்திப் பார்க்கலாம். அப்போது காலை நிழலும் மழை ஈரமும் மணிக்கணக்கில் காராகவே தெரியும்.

குரிட்டிபா ஆய்வாளர்கள் நேற்றைய படத்தோடு எதையும் ஒப்பிடவில்லை. கையிலிருக்கும் துண்டுப் படத்தின் ‘சருமத்தை’ப் பார்த்தார்கள். தார்த் தரைக்கு ஒருவிதப் பொரபொரப்பு உண்டு. காருக்கோ வழவழப்பான கூரை, கண்ணாடியின் நேர்விளிம்பு, சக்கரத்தின் இருள், கதவிடுக்கு எல்லாம் உண்டு. இந்த வேறுபாட்டை எண்ணாக்க அவர்கள் எடுத்துக்கொண்ட முறைகளில் ஒன்று, பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு பிக்சலை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள எட்டுப் பிக்சல்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பிக்சல் நடுவில் இருப்பதற்குச் சமமாகவோ கூடுதல் வெளிச்சமாகவோ இருந்தால் 1, மங்கலாக இருந்தால் 0. எட்டு இலக்கங்கள் சேர்ந்தால், சாத்தியமானவை 256 கோலங்கள். கட்டத்தின் எல்லாப் பிக்சல்களுக்கும் இதைச் செய்து, எந்தக் கோலம் எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்தால், அந்தத் துண்டுத் தரைக்கு ஒரு கைரேகை கிடைத்துவிடும். தாரின் கைரேகை ஒருவிதம், காரின் கைரேகை வேறுவிதம். இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி கற்றுக்கொள்ளும். இதில் அழகு என்னவென்றால், மேகம் வந்து படம் முழுவதும் ஒரே சீராக மங்கினாலும் எது வெளிச்சம், எது மங்கல் என்ற வரிசை மாறுவதில்லை. கைரேகை பெரும்பாலும் அப்படியே இருக்கும். மரத்தின் கிளை நிழல் மட்டும் தொல்லை தரும். அது தரையில் உண்மையாகவே ஒரு விளிம்பை வரைந்துவிடுகிறதே!

கிடைத்த விடை எப்படி? எந்த நிறுத்தத்தில் கற்றதோ அதே நிறுத்தத்தில் சோதித்தால் 99 விழுக்காடு சரி. ஒன்றில் கற்று வேறொன்றில் சோதித்தால் ஏறக்குறைய 89 விழுக்காடு. இந்தப் பத்து விழுக்காட்டு இறக்கம்தான் அந்த ஆய்வில் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி. கேமராவின் உயரமும் கோணமும் தரையின் தன்மையும் மாறினால், கற்ற பாடத்தில் ஒரு பகுதி செல்லாமல் போகிறது.

99 என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் வந்த சிவப்புக் கார் மாலைவரை அதே கட்டத்தில் நின்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அதன் படம் நூறு முறை பதிவாகும். எல்லாப் படங்களையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, பாதியைக் கற்கவும் மீதியைச் சோதிக்கவும் வைத்தால், தேர்வில் வரும் கார் பாடத்திலேயே வந்த கார்தான். கணினி அந்தச் சிவப்புக் காரை மனப்பாடம் செய்திருக்கும். குரிட்டிபா குழு இந்தக் குழியில் விழாமல், ஒரு நாளின் படங்கள் பாடத்திலும் தேர்விலும் சேர்ந்து வராதபடி நாள்வாரியாகப் பிரித்தது. தன் கருவி 99.9 விழுக்காடு சரி என்று யாராவது சொன்னால், படங்களை எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சரியாகவே சோதித்துக் கிடைத்த 99-ம் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகைக்குப் போகும்போது வேறு முகம் காட்டும். நூறு கட்டங்கள் கொண்ட நிறுத்தத்தில் 97 நிறைந்து, மூன்று மட்டும் காலியாக இருப்பதாகக் கொள்ளலாம். நிறைந்த 97-இல் ஒரு விழுக்காடு தவறு என்றால், ஏறத்தாழ ஒரு கட்டம் காலி என்று தவறாகக் காட்டப்படும். பலகை ‘4’ என்கும். நான்கில் ஒன்று பொய். பாதி காலியாக இருக்கும் நேரத்தில் இதே தவறு யாருக்கும் தெரியாது. இடம் அரிதாகி, மக்கள் பலகையை நம்பி உள்ளே வரும் அந்த அரை மணி நேரத்தில்தான் தவறு உறுத்தும். ஆகவே மொத்தச் சராசரியைவிட, நிறுத்தம் நிறைந்திருக்கும் வேளையில் ‘காலி’ என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மை என்று தனியாக எண்ணிப் பார்ப்பதே நேர்மையான அளவு.

இந்தத் தவறுகளில் பெரும்பகுதி கணக்கில் பிறப்பதில்லை. கேமரா நிற்கும் உயரத்திலேயே பிறந்துவிடுகின்றன. ஒரு விளக்கைத் தரையருகே வைத்தால் நிழல் நீளும், உயர்த்தினால் சுருங்கும். கேமராவின் பார்வைக்கும் இதே விதிதான். தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்கிறது. அதிலிருந்து 40 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரக் கார் ஒன்று நிற்கிறது. அந்தக் கார் தனக்குப் பின்னால் மறைக்கும் தரையின் நீளத்தைக் காண, கார் உயரத்தைத் தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் கார் கூரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 1.5 × 40 ÷ 10.5 என்றால் 5.7 மீட்டர். ஒரு காரின் கட்டம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம்தான். அதாவது முன்வரிசைக் கார் ஒன்று, பின்வரிசைக் கட்டம் ஒன்றின் தரையை முழுதாக விழுங்கிவிடுகிறது. முன்னால் நிற்பது 2.5 மீட்டர் உயர வேன் என்றால் மறைவு 10.5 மீட்டர். அதே கேமராவை 30 மீட்டருக்கு உயர்த்தினால், கார் மறைக்கும் நீளம் 2.1 மீட்டராகச் சுருங்கும்.

இப்போது தரை தெரிகிறதா என்ற கேள்வியே ஆட்டம் காண்கிறது. பின்வரிசைக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக வரைந்து வைத்த நாற்கோணத்துக்குள் முன்வரிசைக் காரின் கூரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை எந்த நுட்பமான கணக்கும் முழுமையாகச் சரிசெய்துவிட முடியாது. கேமராவை உயர்த்த வேண்டும், அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கேமரா பார்க்க வேண்டும்.

இத்தாலியின் பீசா நகரில் தேசிய ஆய்வு மன்றத்தின் வளாகத்தில் செய்தது இந்த இரண்டாவது வழிக்கு நெருக்கமானது. 2015 நவம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை, ஒன்பது கேமராக்கள் வெவ்வேறு கோணங்களிலிருந்து 164 கட்டங்களைப் படம்பிடித்தன. மரக்கிளை, விளக்குக் கம்பம், பக்கத்துக் கார் ஆகியவற்றால் பாதி மறைந்த கட்டங்களையும் அவர்கள் ஒதுக்காமல் தொகுப்பில் சேர்த்தார்கள். ஒவ்வொரு கேமராவுடனும் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினி. படங்களிலிருந்து தானே அடையாளங்களைக் கற்றுக்கொள்ளும் நரம்பு வலை ஒன்றை அந்தச் சிறு கணினியில் ஓடும் அளவுக்கு மெலியவைத்து, கட்டம் காலியா இல்லையா என்ற முடிவைக் கேமரா இருக்கும் இடத்திலேயே எடுக்கச் செய்தார்கள். எந்த நிழல், எந்த விளிம்பு முக்கியம் என்று மனிதர் முன்கூட்டியே வகுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால், பழகாத நிறுத்தத்துக்கு மாறும்போதும் இம்முறை குறைவாகத் தடுமாறியது. முடிவு கேமராவிலேயே எடுக்கப்பட்டால், வெளியே போவது கட்ட எண்ணும் ஒரு 0 அல்லது 1-ம் மட்டுமே. யாருடைய முகமும் எண் பலகையும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. பொது இடத்தில் கேமரா வைப்பவர்கள் இதைச் சலுகையாக நினைக்காமல் கட்டாயமாகவே கொள்ள வேண்டும்.

ஒரு கணத்தின் படத்தை எவ்வளவு நன்றாகப் படித்தாலும், காணொளியின் உண்மையான வலிமை அடுத்த கணத்தில் இருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கட்டத்தின் காலை நேரக் குறிப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். 0 என்றால் காலி, 1 என்றால் நிறைவு, பத்து நொடிக்கு ஒரு வாசிப்பு:

```
0 0 0 1 0 0 0 0 1 1 1 1 1 0 1 1 1 1
```

நான்காவதாக வரும் தனித்த 1, கட்டத்தின் குறுக்கே நடந்துபோன ஒருவராகவோ, பக்கத்துக் கட்டத்தில் திரும்பிய காராகவோ இருக்கலாம். பத்து நொடியில் ஒரு கார் வந்து, நின்று, போயிருக்க முடியாது. ஒன்பதாவதிலிருந்து கார் உண்மையாகவே நிற்கிறது. நடுவில் தலைகாட்டும் ஒற்றை 0, ஈரக் கூரையில் பட்டுத் தெறித்த வெயிலாக இருக்கலாம். தொடர்ந்து மூன்று முறை ஒரே விடை வந்தால் மட்டுமே கட்டத்தின் நிலையை மாற்று என்று ஒரு விதி வைத்தால், இரண்டு பிழைகளும் உதிர்ந்துவிடும். அதற்குக் கொடுக்கும் விலை, மாற்றம் இருபது நொடி தாமதமாகத் தெரிவது. நிறுத்தத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. படிக்கும் கணக்கை இன்னும் நுட்பமாக்க மாதக்கணக்கில் உழைப்பதைவிட, இந்த ஒரு வரி விதி பல நேரங்களில் அதிகப் பிழைகளைக் களைகிறது.

பல கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் வேறு வகைப் பிழைகளும் வெளிப்படும். ஒரே நொடியில் இருபது கட்டங்கள் நிறைந்தால் வந்தவை கார்கள் அல்ல. சூரியன் மேகத்திலிருந்து வெளிப்பட்டிருக்கும், அல்லது கேமரா தன் வெளிச்ச அளவைத் தானாக மாற்றிக்கொண்டிருக்கும். படத்தின் ஒரு ஓரத்தில் உள்ள கட்டங்கள் மட்டும் நாள்கணக்கில் தவறிக்கொண்டே இருந்தால், காற்றிலோ துடைக்கும்போதோ கேமரா கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று பொருள். வரைந்த நாற்கோணங்கள் இப்போது கட்டத்தின் மேல் இல்லை, பக்கத்துக் கோட்டின் மேல் நிற்கின்றன. அசையாத கம்பத்தின் அடியையோ திண்டின் மூலையையோ அடையாளமாக வைத்து, தினமும் ஒருமுறை அது முன்பிருந்த அதே பிக்சலில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்தால் இதை அன்றைக்கே பிடித்துவிடலாம்.

கட்டங்களின் 0, 1 குறிப்புகள் சில வாரம் சேர்ந்தபின், நிறுத்தத்தின் பழக்கவழக்கம் தெரியவரும். இங்கேதான் பலர் ஒரே ஒரு சராசரியோடு நின்றுவிடுகிறார்கள். நாற்பது கட்டங்கள், காலை எட்டு முதல் மாலை ஆறுவரை பத்து மணி நேரம். ஆக, கிடைக்கும் இடம் 400 கட்ட-மணி. அதில் 300 கட்ட-மணி வண்டிகள் நின்றிருந்தால் நிறைவு 75 விழுக்காடு. ஆனால் முப்பது கார்கள் காலையில் வந்து மாலைவரை அசையாமல் நின்றாலும் 300 வரும். இருநூறு கார்கள் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் நின்று போனாலும் அதே 300 வரும். முதலாவது அலுவலக ஊழியர்களின் நிறுத்தம், இரண்டாவது கடைவீதியின் நிறுத்தம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கு மட்டுமே.

அந்தக் கணக்கில் குரிட்டிபா முறையின் ஐந்து நிமிட இடைவெளி ஒரு பெரிய ஓட்டை. ஒரு கார் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் இன்னொன்று அதே இடத்தில் நுழைந்தால், முன் படத்திலும் 1, பின் படத்திலும் 1. இரண்டு வண்டிகள் ஒரே நீண்ட வண்டியாகப் பதிவாகும். இடத்துக்கு அடிதடி இருக்கும் உச்ச நேரத்தில்தான் கட்டங்கள் இப்படிச் சட்டென்று கைமாறும் என்பதால், மிகப் பரபரப்பான நேரமே மந்தமான நேரமாகத் தெரியும். தொடர்ச்சியான காணொளி இருந்தால் இடையில் தரை தெரிந்த அந்தச் சில நொடிகளைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால், அடுத்தடுத்த இரண்டு படங்களில் அந்தக் கட்டத்தின் நிறத்தையாவது ஒப்பிட வேண்டும். வெள்ளை நின்ற இடத்தில் கறுப்பு நின்றால், இடையில் யாரோ போயிருக்கிறார்கள்.

நின்ற நேரம், மணிவாரி நிறைவு போன்ற கணக்குகளால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ ஒரு சாட்சி. 2011-இல் அந்நகரம் தொடங்கிய ‘எஸ்எஃப்பார்க்’ சோதனையில், ஒவ்வொரு தெருத் துண்டிலும் நிறைவு 60 முதல் 80 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி நிறுத்தக் கட்டணத்தை நேரத்துக்கும் இடத்துக்கும் தகுந்தபடி ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். எப்போது வந்தாலும் ஓரிரு இடம் காலியாக இருந்தால், இடம் தேடித் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவது குறையும் என்பது நோக்கம். அங்கே தகவல் தந்தவை சாலையில் பதித்த உணரிகள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று வேண்டும், மின்கலம் தீர்ந்தால் தோண்டி மாற்ற வேண்டும். உயரத்தில் நிற்கும் ஒற்றைக் கேமராவுக்கு ஆய்வாளர்கள் ஆசைப்படுவதன் காரணமும் இதுதான்.

கோடு போட்ட நிறுத்தம் என்பது இந்த முறை முழுவதற்கும் அடித்தளம். நம் ஊரில் கல்யாண மண்டபத்து மண் மைதானத்தில் கோடு கிடையாது. காவலாளி கைகாட்டும் இடமே கட்டம். ஒரு காருக்கான இடத்தில் நான்கு பைக்குகள் நிற்கும். அங்கே கட்டத்தைக் கேட்பதற்குப் பதில், வண்டிகளையே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எண்ணும் வேறு வகைக் கருவி தேவைப்படும். அதன் மறைவுச் சிக்கலோ இன்னும் கடுமை.

எந்த வகையானாலும், நிறுவி முடித்த பிறகு தவிர்க்கக் கூடாத ஒரு வேலை உண்டு. ஒருவர் காகிதமும் பேனாவுமாக நிறுத்தத்தில் நடந்து, காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலை நிழல் நீளும் வேளையில் ஒருமுறை, ஒவ்வொரு கட்ட எண்ணுக்கும் எதிரே கண்ணால் கண்டதைக் குறிக்க வேண்டும். மழை பெய்தால் அன்றும். பிறகு அதைக் கேமராவின் குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டால், தவறுகள் எல்லாக் கட்டங்களிலும் பரவியிருக்காது என்பது தெரியும். பெரும்பாலும் வேப்பமரத்தடியில் உள்ள இரண்டு, வேன்கள் நிற்கும் வரிசைக்குப் பின்னால் உள்ள நான்கு, மழைநீர் தேங்கும் மூலையில் ஒன்று என்று விரல்விட்டு எண்ணிவிடும் கட்டங்களிலேயே அவை குவிந்து கிடக்கும். அந்த ஏழு கட்டங்களின் நாற்கோணங்களைத் திருத்துவதும், அவற்றின் படங்களையே கூடுதலாகக் கற்றுக்கொடுப்பதும்தான் அடுத்த வார வேலை.